36 மாதங்களை எண்ணுவது எப்படி

பி.எம்.பி. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களின் காதில் முதலில் விழுவது 4,500 மணி நேரம் என்ற எண்தான். அலுவலகத்தில் ஏற்கெனவே தேறியவர் சொல்வார், பயிற்சி வகுப்பு நடத்துகிறவர் சொல்வார். கேட்டவர் வீட்டுக்கு வந்து, தான் இதுவரை நடத்திய திட்டங்களில் எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்று யோசிக்கத் தொடங்குவார். யாரும் அப்படி மணிக்கணக்கு எழுதி வைத்திருப்பதில்லை. அதனால் இரண்டில் ஒன்று நடக்கிறது. சிலர் தகுதி இருந்தும் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். சிலர் எண் வர வேண்டும் என்பதற்காகத் தோன்றியதை நிரப்புகிறார்கள். கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் இந்த இரண்டுமே தேவையில்லை.

இந்தச் சான்றிதழை வழங்குவது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தலைமையகம் கொண்ட பி.எம்.ஐ. அமைப்பு. 1969இல் தொடங்கியது. 1984 முதல் பி.எம்.பி. சான்றிதழ் தருகிறது. சென்னை, பெங்களூரு மென்பொருள் அலுவலகங்களிலும் வளைகுடா நாடுகளின் கட்டுமான நிறுவனங்களிலும் பதவி உயர்வுக்கான நிபந்தனையாகவே இதைச் சில இடங்களில் வைத்திருக்கிறார்கள். தேர்வு எழுதுவதற்கு முன்பே ஒரு கதவு இருக்கிறது. விண்ணப்பதாரர் திட்டங்களை வழிநடத்திய அனுபவம் உள்ளவர்தானா என்று பார்க்கும் கதவு அது. பலரும் தேர்வுக்குக் காட்டும் அக்கறையை இந்தக் கதவுக்குக் காட்டுவதில்லை.

நீண்ட காலம் இருந்த விதி இது: இளநிலைப் பட்டமோ அதற்கு இணையான படிப்போ உள்ளவர் 36 மாத அனுபவமும், அந்த மாதங்களுக்குள் 4,500 மணி நேரமும் காட்ட வேண்டும். பட்டம் இல்லாதவர், அதாவது பள்ளியிறுதியோ டிப்ளமாவோ முடித்தவர், 60 மாதமும் 7,500 மணி நேரமும் காட்ட வேண்டும். அதோடு 35 மணி நேர திட்ட மேலாண்மை வகுப்பும் முடித்திருக்க வேண்டும். பின்னர் பி.எம்.ஐ. மணிக்கணக்கை விட்டுவிட்டு மாதக்கணக்கை மட்டும் வைத்துக்கொண்டது. 2021இல் தேர்வு புதிய வடிவத்துக்கு மாறிய பிறகு வந்த கையேடுகளில் பட்டதாரிக்கு 36 மாதம், மற்றவருக்கு 60 மாதம், அதுவும் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 8 ஆண்டுகளுக்குள் என்று இருந்தது. இந்த ஆண்டு வரம்பும் படிப்பு வாரியான பிரிவுகளும் கையேட்டுக்குக் கையேடு திருத்தப்படக்கூடியவை. ஆகவே விண்ணப்பிக்கும் வாரத்தில் பி.எம்.ஐ. தளத்தில் இருக்கும் கையேட்டைத் திறந்து அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படித்துவிட வேண்டும். நண்பர் மூன்று வருடத்துக்கு முன்னால் சொன்ன விதியை நம்பி உட்காரக் கூடாது.

மணிக்கணக்கு போய்விட்டது என்றாலும் அந்தப் பழைய எண்ணை நான் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். 4,500ஐ 36ஆல் வகுத்தால் மாதத்துக்கு 125. 7,500ஐ 60ஆல் வகுத்தாலும் அதே 125தான். வாரத்துக்கு ஏறக்குறைய 29 மணி நேரம். நாற்பது மணி நேர வேலை வாரத்தில் பத்தில் ஏழு பங்கு. விதியை வகுத்தவர்கள் மனதில் இருந்த ஆள் யார் என்பது இதில் தெரிகிறது. தன் வேலை நேரத்தின் பெரும்பகுதியைத் திட்டத்தை நடத்துவதிலேயே செலவிடுகிறவர். இன்றைய விதியில், ஒரு திட்டத்துக்கு வாரம் ஐந்து மணி நேரம் கொடுத்தவரும் முழு நேரம் கொடுத்தவரும் காகிதத்தில் ஒரே மாதத்தைத்தான் எழுதுவார்கள். படிவம் அந்த வித்தியாசத்தைக் கேட்பதில்லை. நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு இந்த 125 நல்ல அளவுகோல். இதைப் படிவத்தில் எழுத வேண்டியதில்லை. நம் மாதக்கணக்கு நேர்மையானதா என்று தனியாக உரசிப் பார்க்க உதவும்.

அடுத்தது, எந்த வேலை அனுபவமாகும் என்பது. திட்டத்தில் பங்கெடுத்தால் போதாது, அதை வழிநடத்தியிருக்க வேண்டும். பதவிப் பெயர் முக்கியமில்லை. விசிட்டிங் கார்டில் புராஜெக்ட் மேனேஜர் என்று போட்டிருந்தும் வெறும் அறிக்கை மட்டும் தொகுத்து அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சீனியர் எஞ்சினீயர் என்ற பெயரில் அட்டவணை போட்டு, ஆட்களைப் பிரித்துக் கொடுத்து, செலவைக் கவனித்து, வாடிக்கையாளரிடம் பதில் சொல்லி, கடைசியில் கையெழுத்து வாங்கி முடித்தவர்களும் உண்டு. இரண்டாமவரின் மாதங்கள் கணக்கில் வரும். முதலாமவருடையதைப் பற்றி அவரே யோசிக்க வேண்டும்.

திட்டம் என்றால் அதற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருக்கும், முடிவில் முன்பு இல்லாத ஒன்று உருவாகியிருக்கும். தினமும் வரும் டிக்கெட்டுகளைத் தீர்க்கும் புரொடக்‌ஷன் சப்போர்ட் வேலை, மாதாமாதம் நடக்கும் பராமரிப்பு, ஆலையின் அன்றாட ஓட்டம் ஆகியவை எவ்வளவு கடினமானாலும் திட்டம் ஆகா. கல்லூரியில் செய்த புராஜெக்டும், தங்கை கல்யாணத்தை முழுக்க நடத்திக் கொடுத்ததும், சொந்த வீடு கட்டியதும் சேராது. தொழில் சார்ந்த சூழலில் நடந்ததாக இருக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கற்பனையாக ஒருவரை வைத்துக்கொள்வோம். பி.ஈ. படித்தவர், சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. 2024 ஆகஸ்ட் இறுதியில் உட்கார்ந்து தன் அனுபவத்தை எழுதுகிறார். முதல் வரைவு இப்படி இருக்கிறது. வங்கிக் கடன் மென்பொருள், 2020 ஜூன் முதல் 2021 மே வரை, 12 மாதம். அதே வங்கிக்கு சப்போர்ட், 2021 ஜூன் முதல் 2022 பிப்ரவரி வரை, 9 மாதம். காப்பீட்டு நிறுவனத்துக்கான மொபைல் செயலி, 2022 மார்ச் முதல் 2023 பிப்ரவரி வரை, 12 மாதம். கட்டண வசதி இணைப்பு, 2022 அக்டோபர் முதல் 2023 ஜூன் வரை, 9 மாதம். பிறகு ஆறு மாதம் மகப்பேறு விடுப்பு. மருத்துவமனைப் பதிவேட்டுத் திட்டம், 2024 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை, 8 மாதம். கூட்டினால் 50. தேவை 36தானே, தாராளமாக இருக்கிறது என்று அவர் நினைக்கிறார்.

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். வங்கிக் கடன் திட்டத்தில் முதல் ஏழு மாதம் அவர் டெவலப்பர். கொடுத்த வேலையைச் செய்தார். 2021 ஜனவரியில் டீம் லீட் விலகிப் போக, ஒரு பகுதியின் பொறுப்பு இவரிடம் வந்தது. அன்று முதல் நான்கு பேருக்கு வேலை பிரித்தார், வாராந்திர நிலையை வங்கிக்குச் சொன்னார், சோதனைக் கட்டத்தை நடத்தி ஒப்படைத்தார். ஆகவே ஜனவரி முதல் மே வரையான 5 மாதம்தான் இவருடையது. 12 என்று எழுதினால் ஆடிட்டில் அந்தப் பழைய மேலாளர் திகைப்பார், அல்லது சங்கடத்தோடு கையெழுத்துப் போடுவார். இரண்டுமே அவருக்கு நாம் இழைக்கும் அநியாயம்.

சப்போர்ட் காலத்தின் 9 மாதத்தைத் தயங்காமல் அடித்துவிட வேண்டும். ஆனால் அடிப்பதற்கு முன் உள்ளே ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில், 2021 செப்டம்பர் முதல் நவம்பர் வரை, வங்கியின் பழைய சர்வர்களிலிருந்து புதிய தரவு மையத்துக்கு மாற்றும் வேலையை இவர்தான் திட்டமிட்டு நடத்தினார். எந்த இரவில் எதை மாற்றுவது, தோற்றால் எப்படிப் பழைய நிலைக்குத் திரும்புவது, யார் யார் ஒப்புதல் தர வேண்டும் என்று எல்லாம் இவர் கையில். அதற்குத் தொடக்கம் இருந்தது, முடிவு இருந்தது, வங்கி கையெழுத்திட்ட ஏற்புக் கடிதம் இருந்தது. இது திட்டம்தான். 3 மாதம். நல்லவர்கள் பலர் இந்த மாதிரி வேலையை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். சப்போர்ட் என்ற பெயருக்குள் புதைந்து கிடப்பதால் அவர்கள் கண்ணுக்கே அது படுவதில்லை.

காப்பீட்டுச் செயலியில் தொடக்கம் முதல் இறுதிவரை இவர்தான் பொறுப்பு. 12 மாதம் முழுசாக வரும்.

கட்டண இணைப்புத் திட்டத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இருக்கிறது. அது ஒன்பது மாதம் நடந்தது உண்மை, ஒன்பதையும் இவர் நடத்தியதும் உண்மை. ஆனால் 2022 அக்டோபர் முதல் 2023 பிப்ரவரி வரை ஐந்து மாதம் காப்பீட்டுச் செயலியும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாதத்தை ஒருமுறைதான் எண்ணலாம் என்பது விதி. அந்த மாதத்தில் இரண்டு திட்டம் நடத்தினாலும் மூன்று நடத்தினாலும் நாட்காட்டியில் அது ஒரு மாதம். எனவே புதிதாகச் சேர்வது 2023 மார்ச் முதல் ஜூன் வரை 4 மாதம் மட்டுமே.

விடுப்புக் காலத்துக்கு எதுவும் இல்லை. மருத்துவமனைத் திட்டம் 8 மாதம். இப்போது கூட்டுவோம்: 5, 3, 12, 4, 8. மொத்தம் 32.

ஐம்பது என்று தொடங்கியது முப்பத்திரண்டில் நிற்கிறது. நான்கு மாதம் குறைவு. இந்த இடத்தில்தான் கை நடுங்கும். வங்கித் திட்டத்தின் தொடக்கத்தை 2021 ஜனவரிக்குப் பதில் 2020 செப்டம்பர் என்று போட்டால் முடிந்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று தோன்றும். சில பயிற்சி நிலையங்கள் இதை அவர்களே செய்து தருவதாகவும் சொல்கின்றன. ஆனால் இவருக்கு அது தேவையே இல்லை. செப்டம்பரில் அடுத்த திட்டம் தொடங்குகிறது. அதையும் இவர்தான் நடத்துகிறார். நடந்துகொண்டிருக்கும் திட்டத்திலும் விண்ணப்பிக்கும் நாள்வரையான மாதங்கள் சேரும். டிசம்பர் முடிந்தால் 36. நான் அவரிடத்தில் இருந்தால் ஜனவரியும் முடியட்டும் என்று காத்திருந்து, 37 மாதத்தோடு 2025 பிப்ரவரியில் அனுப்புவேன். விளிம்பில் நிற்கும் கணக்கில் யாராவது ஒரு தேதியைக் கேள்வி கேட்டால் முழு விண்ணப்பமும் விழும். இடைப்பட்ட அந்த ஐந்து மாதத்தில் 35 மணி நேர வகுப்பை முடித்துப் படிப்பையும் தொடங்கிவிடலாம். வகுப்புக்குச் செலவிடும் நேரம் அனுபவத்தில் சேராது, இரண்டும் வேறு வேறு நிபந்தனைகள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய மாதங்களை 125 என்ற அளவுகோலிலும் வைத்துப் பார்க்கலாம். வங்கித் திட்டத்தின் ஐந்து மாதத்தில் பாதி நேரம் அவரே நிரல் எழுதினார். நடத்தியது மாதம் 80 மணி நேரம் என்று கொள்வோம், 400 ஆகிறது. சர்வர் மாற்றத்தில் தினம் பாதி நேரம், வாரம் 20, பதின்மூன்று வாரத்துக்கு 260. காப்பீட்டுச் செயலி தனியாக ஓடிய ஏழு மாதம் மாதத்துக்கு 140, கட்டணத் திட்டமும் சேர்ந்து ஓடிய ஐந்து மாதம் 100, ஆக 1,480. கட்டணத் திட்டத்துக்கு அந்த ஐந்து மாதம் 60 வீதம், பிறகு நான்கு மாதம் 130 வீதம், ஆக 820. மருத்துவமனைக்கு மாதம் 130 வீதம் 1,040. எல்லாம் சேர்த்து 4,000. செப்டம்பர் முதல் ஜனவரி வரை இன்னும் 650 சேர்ந்தால் 4,650. பழைய விதி இன்னும் இருந்திருந்தாலும் இவர் தேறியிருப்பார். இரண்டு திட்டம் சேர்ந்து ஓடிய மாதங்களில் மணி நேரம் கூடுகிறது, மாதம் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த மாதங்களில் இரண்டுக்கும் சேர்த்து 160 மணி நேரத்தைத் தாண்டவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் 160 போட்டு மாதம் 320 மணி நேரம் உழைத்ததாகக் காட்டியவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். பார்த்தவுடன் தெரிந்துவிடும் பொய் அது.

இந்தப் பயிற்சியில் சர்வர் மாற்றத்தின் மூன்று மாதம் மெலிந்து தெரிகிறது. மாதம் 125 வர வேண்டிய இடத்தில் எண்பத்தேழுதான் வருகிறது. அதை விட்டுவிட வேண்டுமா? என் கருத்தில் வேண்டாம். முழுத் திட்டத்தையும் அவர் பொறுப்பேற்று முடித்திருக்கிறார், விதியும் மாதத்தைத்தான் கேட்கிறது. ஆனால் விளக்கம் எழுதும்போது சப்போர்ட் பணியோடு சேர்த்து இதை நடத்தியதாக ஒரு வரி எழுதிவிட வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால் படிப்பவருக்கு எதுவும் மறைக்கப்படவில்லை.

இனி விளக்கம். ஒவ்வொரு திட்டத்துக்கும் நிறுவனத்தின் பெயர், உங்கள் பதவி, குழுவின் அளவு, செலவுத் தொகையின் வரம்பு, எந்த முறையில் நடந்தது, தொடக்க முடிவுத் தேதிகள் என்று கட்டங்கள் இருக்கும். அதன்பின் 200 முதல் 500 சொற்களில் ஒரு விளக்கம் கேட்பார்கள். விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் முதலில் தமிழில் யோசித்து எழுதிவிட்டு மாற்றுவது நல்லது என்று நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆங்கிலத்தில் நேராக எழுத உட்கார்ந்தால் கை தானாகவே எங்கோ படித்த பகட்டு வாக்கியங்களைத் தேடிப் போகிறது. தமிழில் எழுதும்போது என்ன செய்தோம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது.

பலரும் எழுதும் விதம் இப்படி: ‘திட்டத்தின் அனைத்துக் கட்டங்களையும் வெற்றிகரமாக நிர்வகித்தோம். பங்குதாரர்களுடன் திறம்பட ஒருங்கிணைந்து, தரமான முறையில் உரிய காலத்தில் ஒப்படைத்தோம்.’ இதில் எந்தத் திட்டம் என்றே தெரியவில்லை. யார் செய்தார் என்பதும் தெரியவில்லை. ‘தோம்’ என்று முடியும் வினைகள் எல்லாம் குழு செய்ததைச் சொல்கின்றன. விண்ணப்பம் கேட்பது உங்களை. இந்த மாதிரி விளக்கங்கள் திருத்தச் சொல்லித் திரும்பி வருவது உண்டு. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளை அப்படியே ஒட்டியவர்களுக்கும் இதே கதிதான். ஒரே மாதிரி வாக்கியங்களைப் படித்துப் படித்துப் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

நம் கற்பனை விண்ணப்பதாரர் சர்வர் மாற்றத்தைப் பற்றி இப்படி எழுதலாம்: ‘ஒரு தனியார் வங்கியின் கடன் மென்பொருள் ஓடிய பழைய சர்வர்களைப் புதிய தரவு மையத்துக்கு மாற்றுவது திட்டத்தின் நோக்கம். அதே வங்கிக்கான சப்போர்ட் பணியோடு சேர்த்து இதை நடத்தினேன். வங்கியின் தொழில்நுட்ப மேலாளரோடு பேசித் திட்ட வரம்பை எழுதி ஒப்புதல் பெற்றேன். ஆறு பேர் கொண்ட குழுவுக்கான அட்டவணையையும் தோற்றால் திரும்பும் வழிமுறையையும் தயாரித்தேன். இரண்டாம் ஒத்திகையில் தரவு நகலெடுக்கும் நேரம் அனுமதித்த நேரத்தைத் தாண்டியதால், மாற்றத்தை இரண்டு வார இறுதிகளாகப் பிரிக்கப் பரிந்துரைத்து மாற்றக் கோரிக்கைக்கு ஒப்புதல் வாங்கினேன். வாரம் ஒருமுறை இடர்ப் பட்டியலைப் புதுப்பித்து அனுப்பினேன். திட்டமிட்டதைவிட ஒரு வாரம் தாமதமாக மாற்றம் முடிந்தது. வங்கியிடம் ஏற்புக் கடிதம் பெற்று, கற்றவற்றைப் பதிவு செய்து திட்டத்தை முடித்தேன்.’

இது பகட்டாக இல்லை. ஆனால் தொடங்கியது, திட்டமிட்டது, நடத்தியது, கண்காணித்துக் கட்டுப்படுத்தியது, முடித்தது என ஐந்து கட்டமும் இதில் தானாகவே வந்துவிட்டன. ஒரு வாரத் தாமதத்தை மறைக்கவும் இல்லை. தாமதமான திட்டம், நடுவில் கைவிடப்பட்ட திட்டம் எல்லாமே அனுபவம்தான். திட்டம் வென்றதா என்பதை விண்ணப்பம் கேட்கவில்லை, அதை நீங்கள் நடத்தினீர்களா என்றுதான் கேட்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் எல்லாவற்றையும் வெற்றியாக மாற்றி எழுதுகிறவர்கள் தேவையே இல்லாத பொய்க்குள் போய் மாட்டிக்கொள்கிறார்கள். வங்கியின் பெயர் வெளியே சொல்லக் கூடாதது என்று ஒப்பந்தம் இருந்தால், மேலே உள்ளதுபோல் ‘ஒரு தனியார் வங்கி’ என்று எழுதினால் போதும்.

ஒவ்வொரு திட்டத்துக்கும், அதை நேரில் அறிந்த ஒருவரின் பெயரும் மின்னஞ்சலும் தர வேண்டும். மேலாளராக இருக்கலாம், வாடிக்கையாளர் தரப்பில் இருந்தவராக இருக்கலாம், திட்டத்துக்குப் பொறுப்பான வேறு அதிகாரியாக இருக்கலாம். அவர் இன்னும் அதே நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் ஊரில் இங்கேதான் சிக்கல் வருகிறது. வேலையை விட்டு வரும்போது தரும் ரிலீவிங் லெட்டரிலும் அனுபவச் சான்றிதழிலும் சேர்ந்த நாள், விலகிய நாள், பதவிப் பெயர் இவைதான் இருக்கும். எந்தத் திட்டத்தை நடத்தினீர்கள் என்று ஒரு சொல் இருக்காது. அதனால் அந்தக் கடிதங்களைக் கட்டிவைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது. தேவை ஒரு மனிதர், அவர் உங்களை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எனவே விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே அவரிடம் பேசிவிட வேண்டும். நம் விண்ணப்பதாரர் வங்கித் திட்ட மேலாளருக்கு இப்படி எழுதலாம்: ‘வணக்கம் சார். பி.எம்.பி.க்கு விண்ணப்பிக்கிறேன். வங்கிக் கடன் திட்டத்தில் 2021 ஜனவரி முதல் மே வரை நான் பார்த்த பொறுப்பை எழுதியிருக்கிறேன், இணைத்துள்ளேன். நீங்கள் நினைவில் வைத்திருப்பதோடு எங்காவது பொருந்தவில்லை என்றால் சொல்லுங்கள் சார், திருத்திவிடுகிறேன். ஆடிட் வந்தால் உங்களுக்கு உறுதிப்படுத்தல் கோரிக்கை வரும்.’ இதில் மிக முக்கியமானது திருத்தச் சொல்லிக் கேட்கும் வரி. அவர் ‘நீ பிப்ரவரியில்தானேம்மா அந்தப் பொறுப்பை எடுத்தாய்’ என்று சொன்னால் ஒரு மாதம் குறையும். 37 வைத்துக்கொண்டு காத்திருந்ததன் பயன் அப்போது தெரியும்.

ஆடிட் எல்லோருக்கும் வராது. விண்ணப்பங்களிலிருந்து சிலவற்றைத் தோராயமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வாகிவிட்டால் நீங்கள் தவறு செய்ததாகப் பொருளில்லை. பட்டச் சான்றிதழின் நகல், வகுப்பு முடித்த சான்று, ஒவ்வொரு திட்டத்துக்கும் நீங்கள் குறிப்பிட்ட நபரின் கையொப்பமிட்ட உறுதிப்பாடு ஆகியவற்றை 90 நாளுக்குள் தர வேண்டும். முன்பெல்லாம் உறையில் போட்டு, மூடிய இடத்தில் மேலாளரின் கையெழுத்தோடு தபாலில் அனுப்பினார்கள். இப்போது மின்வழியில் நடக்கிறது. தயாராக இருந்தவருக்கு இது சில நாள் வேலை. தயாராக இல்லாதவர் வெளிநாடு போய்விட்ட பழைய மேலாளரின் எண்ணைத் தேடிக்கொண்டு அந்த மூன்று மாதத்தைக் கழிப்பார். ஆடிட்டில் தவறினால் ஓராண்டுக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. அதோடு விண்ணப்பிக்கும்போதே பி.எம்.ஐ.யின் நெறிமுறையை ஏற்கிறோம். பொறுப்பு, மரியாதை, நியாயம், நேர்மை என்ற நான்கு அடிப்படைகள் அதில் இருக்கின்றன. பொய்யான அனுபவத்தோடு சான்றிதழ் வாங்கியது பிற்காலத்தில் தெரியவந்தாலும் அதைத் திரும்பப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு.

இன்னும் சில வருடம் கழித்து விண்ணப்பிக்கப்போகிறவர்கள் இப்போதே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வேலையில் இருக்கும்வரை டைம்ஷீட், மின்னஞ்சல், கூட்டக் குறிப்பு எல்லாம் திறந்து பார்க்கும் தூரத்தில் இருக்கும். விலகிய நாள் மாலையே அவை மூடிவிடும். அவற்றை நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவது பெரும்பாலான நிறுவனங்களில் விதிமீறல், அதைச் செய்யாதீர்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாதக் கடைசியிலும் சொந்தக் குறிப்பேட்டில் சில வரி எழுதிவைத்தால் போதும்: எந்தத் திட்டம், எந்தத் தேதியில் எந்தப் பொறுப்பு கைக்கு வந்தது, அந்த மாதம் நான் எடுத்த முடிவு என்ன, வாரத்துக்கு ஏறக்குறைய எத்தனை மணி நேரம், இதை அறிந்தவர் யார், அவருடைய அலுவலகம் சாராத மின்னஞ்சல் என்ன. வாடிக்கையாளரின் ரகசியம் எதுவும் அதில் வர வேண்டியதில்லை. டிப்ளமா படித்துவிட்டுத் தளத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். அவர்கள் எண்ண வேண்டிய மாதங்கள் பட்டதாரியைவிட அதிகம், பெரும்பாலும் மூன்று நான்கு நிறுவனங்களில் சிதறிக் கிடக்கும். ஒரு கட்டடம் முடிந்து அடுத்த கட்டடம் தொடங்கும்வரை சும்மா இருந்த வாரங்களையும் அவர்கள் கழிக்க வேண்டியிருக்கும். பொறுப்பு கைக்கு வந்த தேதியை அன்றே எழுதியவருக்கு மட்டும்தான் ஐந்து வருடம் கழித்து அது ஜனவரியா பிப்ரவரியா என்று உறுதியாகச் சொல்ல முடியும்.